சராசரி உச்சத்தைத் தாண்டாது

முற்பகல் 11.05. முதலில் கண்ணில் பட்டது முதன்மைத் தேர்வாளரின் ஆள்காட்டி விரல். ஒரு விடைத்தாளுக்குள், படித்துக்கொண்டிருந்த பக்கம் தவறிவிடக் கூடாது என்பதுபோல் அதைச் செருகி வைத்திருந்தார். என் மேசைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

புதுக்கோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புக் கணித விடைத்தாள் திருத்தும் முகாம். வகுப்பறைக்கு ஆறு உதவித் தேர்வாளர்கள், அவர்களுக்கு மேலே ஒரு முதன்மைத் தேர்வாளர். நான் உதவித் தேர்வாளர். ஆசிரியர் வேலைக்கு வருமுன் ஒன்பது வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். அதை எப்போதோ ஒரு தேநீர் வேளையில் சொன்னது தவறு. அன்றிலிருந்து அவருக்கு நான் பத்திரிகைக்காரர்.

"பத்திரிகைக்காரரே, இதுல இருபத்தி மூணு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

தொண்ணூறுக்கு இருபத்தைந்து வந்தால் தேர்ச்சி. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் தாள்களை அவர் மறுபடி பார்ப்பார். அதற்காக இரக்க மதிப்பெண் கிடையாது. தாளில் எழுதியிருப்பதற்கு மட்டுமே போடலாம். தாளில் பெயரும் இல்லை, பள்ளியும் இல்லை. ஓர் எண் மட்டும். நீல மை, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து, தமிழ் வழி. அந்த மாணவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் விரல் இருந்தது பதினான்காம் பக்கம். மூன்று மதிப்பெண் கேள்வி. எண்களை இங்கே மாற்றித் தருகிறேன்: f என்ற சார்பு 2 முதல் 6 வரை தொடர்ச்சியானது, வகையிடத்தக்கது. f(2) = 7. அந்த இடைவெளியில் வகைக்கெழு, அதாவது அந்தந்த இடத்துச் சாய்வு, எங்கும் 3-க்கு மேல் போகாது. அப்படியானால் f(6) அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்?

பாடநூல் வழி எளிது. சார்பு அறுபடாமல், எங்கும் வகையிடத்தக்கதாக இருந்தால், இரு முனைகளுக்கு இடையிலான சராசரி ஏற்றவீதம் நடுவே ஓரிடத்திலாவது வகைக்கெழுவுக்குச் சமமாகும். அந்த இடத்துக்கு c என்று பெயர். இதுதான் சராசரி மதிப்புத் தேற்றம். c-யில் வகைக்கெழு 3-க்கு மேல் இல்லை, ஆகவே சராசரியும் 3-க்கு மேல் இல்லை, தூரம் நான்கு, ஏற்றம் பன்னிரண்டைத் தாண்டாது. விடை 19. விடைக்குறிப்பில் தேற்றத்துக்கு ஒன்று, சமனின்மைக்கு ஒன்று, விடைக்கு ஒன்று.

மாணவர் எழுதியிருந்தது மூன்றே வரி. "(f(6) − f(2)) ÷ 4 என்பது சராசரி ஏற்றம். சராசரி உச்சத்தைத் தாண்டாது, உச்சம் 3. ஆகவே f(6) ≤ 7 + 12 = 19."

நான் விடைக்கு மட்டும் ஒன்று போட்டிருந்தேன்.

"ஏன் ஒண்ணு?" என்றார்.

"c இல்லீங்க சார். சராசரி உச்சத்தைத் தாண்டாதுன்னு புள்ள சும்மா சொல்லிருச்சு. அதுக்குத்தானே தேற்றம்."

"சராசரி எப்பவாச்சும் உச்சத்தைத் தாண்டுமா? கிளாஸ் ஆவரேஜ் முதல் மார்க்கை விட ஜாஸ்தி வருமாங்க?"

அடுத்த மேசையில் கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஆசிரியை. தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"தாண்டும் சார்."

"எங்கிட்டு தாண்டும்?"

"சார்பு 4 வரைக்கும் 7-லயே போகுதுன்னு வச்சுக்கங்க. 4-ல ஒரே குதி, 50-க்குப் போயிருது. அப்புறம் அங்கேயே கிடக்குது. குதிச்ச இடத்தை விட்டா சாய்வு எங்கயும் பூஜ்யம். 3-ஐத் தாண்டவே இல்லை. ஆனா ஏற்றம் நாப்பத்தி மூணு. நாலால வகுத்தா பத்தே முக்கால். ஒங்க சராசரி எங்க நிக்குதுன்னு பாருங்க."

முதன்மைத் தேர்வாளர் வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். "குதிக்கக் கூடாதுன்னு கேள்வியிலேயே இருக்கேம்மா."

"கேள்வியில இருக்கு சார். புள்ள அதைப் பயன்படுத்துச்சான்னு தாள்ல இருக்கா? அதைத்தான் சார் கேக்குறாரு." என் பக்கம் கையைக் காட்டினார். என் தரப்பை என்னைவிட நன்றாக அவர் சொல்லிவிட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். முதன்மைத் தேர்வாளர் தாளை மூடப் போனார். மூடுமுன் பக்கத்தின் அடியில், கட்டை விரலுக்குக் கீழே எதையோ பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி தாளை முகத்தருகே கொண்டுபோனார்.

"இது என்னங்க, அம்புக்குறியா?"

வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிக்குக் கீழே, ஓரக்கோட்டை ஒட்டி, எறும்பளவு ஓர் அம்புக்குறி. பக்கத்தில் 17.

பதினேழாம் பக்கத்தைத் திருப்பினேன். பக்கத்தின் நடுவே ஒரு படம். கேள்வி எண் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் பரவளையக் கணக்கு ஒன்று இருந்ததால், படம் அதற்கு வரைந்து கைவிட்டது என்று எடுத்துக்கொண்டு, என் சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்திருந்தேன். கோடு நேராக, சுத்தமாக இருந்தது.

படத்தில் ஒரு வளைவரை. இடது முனையில் 2, 7. வலது முனைக்குக் கீழே 6. இரு முனைகளையும் சேர்த்து ஒரு நாண். வளைவரையின் மேல் ஓரிடத்தில் அந்த நாணுக்கு இணையாக ஒரு தொடுகோடு, அது தொடும் இடத்தில் புள்ளி. புள்ளிக்குப் பெயர் வைக்கவில்லை. பக்கத்தில் எழுதியிருந்தது: "கோடு அறுபடவில்லை, கூர்முனை இல்லை. அதனால் இங்கே சாய்வு = சராசரி. இங்கேயும் 3-க்கு மேல் இல்லை."

மூவரும் படித்தோம். ஆசிரியை எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"c-யை வரைஞ்சு வச்சிருக்குது," என்றார். பிறகு என்னிடம், "பேப்பர்ல இருந்தப்ப 'தொடர்ச்சி ஐந்தாம் பக்கம்'னு ஒரு நாளைக்கு எத்தனை போட்டிருப்பீங்க சார்?"

"நாலஞ்சு இருக்கும்."

"வாசகர் எல்லாம் திருப்பிப் பாத்திருப்பாங்களா?"

பத்திரிகையில் அந்த வரியைச் சிறிய எழுத்தில் போட்டவர்களுள் நானும் ஒருவன்.

முதன்மைத் தேர்வாளர் இன்னும் விடவில்லை. மணமேல்குடிப் பக்கம் இருபது வருடம் பாடம் நடத்தியவர். ஒரு மதிப்பெண்ணைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் அவர் ஒரே வேகம்தான். "தேற்றத்தோட பேரைச் சொல்லலையேம்மா. எழுதுனது போதுமா?"

"குறிப்புல பேரு கேக்கலைங்க சார். நிபந்தனை ரெண்டும் இருக்குது. இடம் இருக்குது. நான் சொன்ன குதி இனிமே வராது. அறுபடலைன்னு எழுதிருச்சே."

"கூர்முனைன்னா வகையிட முடியாதுன்னு அர்த்தம் எடுத்துக்கலாமா?"

"பன்னெண்டாவது புள்ளைக்கு அது போதும்," என்றேன். அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது.

"பத்தொம்பது நெசமாவே வருமா, இல்ல எல்லை மட்டும்தானா?" அவர் கேட்டது எங்களைச் சோதிக்க. விடைக்குறிப்பு அவர் சட்டைப்பையில் இருந்தது.

"3 சாய்வுல நேர்கோடு போட்டா வந்துருதுங்க சார்," என்றார் ஆசிரியை. "7, 10, 13, 16, 19."

விரலால் மேசையில் ஐந்து முறை தட்டி அவரும் எண்ணிப் பார்த்தார். "அப்ப மூணும் போடுங்க."

பதினேழாம் பக்கத்தில் நான் இழுத்த கோட்டை அழிக்க வழியில்லை. அதன் பக்கத்தில் "மதிப்பிடப்பட்டது, பக். 14" என்று எழுதினேன். பதினான்காம் பக்கத்தில் 1-ஐ அடித்து 3 என்று எழுதினேன். முகப்பில் அந்தக் கேள்விக்கான கட்டத்தைத் திருத்தி, பக்கவாரியாக மறுபடி கூட்டினேன். ஆசிரியை தனியே கூட்டினார். இருவருக்கும் ஒரே தொகை வந்தது.

மொத்தக் கட்டத்தில் 23-ஐ ஒரு கோட்டால் அடித்து 25 என்று எழுதினேன். முதன்மைத் தேர்வாளர் அதன் அருகில் பச்சை மையில் கையெழுத்திட்டார்.