கேதீசின் ஏசி நித்திரை

கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓடும் ஹயர் வான்கள் நிற்கும் இடத்தில் போய்க் கேதீஸ் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டுப் பாருங்கள். நல்லவன், கெட்டவன் என்று யாரும் தொடங்கமாட்டார்கள். முதலில் அவனுடைய நித்திரையைத்தான் சொல்வார்கள். முழுப்பெயர் கேதீஸ்வரன். கோப்பாயில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, இங்கே தயாளினியைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவன். நானும் அந்த இடத்தில்தான் வான் ஓட்டுகிறேன். என்னை "நடராசா அண்ணை" என்று கூப்பிடுவான். பக்கத்தில் வானை விட்டுவிட்டு அவனுடைய குறட்டையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அவனுடைய நித்திரை இன்று நேற்று வந்ததில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தில் மழையில் நெரிபட்டபோது, சின்னப் பெடியனான இவன் தகப்பனின் சைக்கிள் கரியரில் இருந்தபடியே நித்திரை கொண்டானாம். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்றபோதும் அதே கதைதான். முன்னுக்கு நின்ற வாகனம் நகர்ந்ததுகூடத் தெரியாமல் கிடந்தான். பின்னால் நின்ற சனம் ஹோன் அடித்து அலுத்து, கடைசியில் வானைத் தள்ளி நகர்த்தியது. அவன் எழும்பி, "ஆர் தள்ளினது? நல்ல சனம்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். வானை ஓட்டும்போது அவன் கண் அயர்ந்ததாக ஒரு கதை கிடையாது. கண் கொஞ்சம் கட்டினாலே ஓரமாக நிற்பாட்டிவிட்டுப் படுத்துவிடுவான். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற சனம் அவசரப்படுத்தினால், "பிந்திப் போகலாம், போகாமல் விட ஏலாது" என்பான். அதனால்தான் பிள்ளைகுட்டிக்காரர் அவனுடைய வானைத் தேடி வருவார்கள். நாங்கள் பகிடி பண்ணினாலும், எங்களுக்குள் அவன்தான் கவனமான சாரதி என்பது எல்லோருக்கும் தெரியும்.

வான், பழைய சின்னப் பெற்றோல் வான். என்ஜின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. போன வருசம் ஏசியைத் திருத்தி எடுத்ததிலிருந்து அவனுக்கு அது ஒரு சொர்க்கம். சித்திரை வெயிலில் நாங்கள் எல்லோரும் வேப்ப மரத்துக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருப்போம். இவன் கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைப் பூட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, சீற்றைச் சாய்த்துக்கொண்டு படுத்துவிடுவான். குறட்டை மட்டும் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும்.

அந்த நாட்களில் அவனுக்கு அடிக்கடி தலையிடித்தது. எழும்பி இறங்கும்போது தலை சுற்றுகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்பான். வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். தயாளினி அவனைப் பிரசர் பார்க்க அனுப்பினாள், கண் சோதிக்க அனுப்பினாள். இரண்டிலும் ஒன்றும் இல்லை. அவனே ஒரு முடிவுக்கு வந்தான்.

"ஏசி காஸ்தான் லீக் அண்ணை. அதுதான் தலைக்குள்ளை ஏறுது."

ஏசிக்காரனிடம் போய்ப் புதுக் காஸ் அடித்துக்கொண்டு வந்தான். கண்ணாடிக்கு முன்னால் மல்லிகை மணக்கிற ஒரு குப்பியும் தொங்கியது. தலையிடி போகவில்லை. வானின் சத்தமும் முன்பைவிடக் கொஞ்சம் கரகரத்துத்தான் இருந்தது. பழைய வான் கரகரக்காமல் பாட்டா பாடும் என்று அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

வைகாசியில் நெல்லியடியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டுச் சனத்தை ஏற்றிக்கொண்டு நானும் கேதீசும் போனோம். சனத்தை இறக்கிவிட்டு மண்டபத்துக்குப் பின்னால், உயரமான மதிலோடு ஒட்டி வான்களை விட்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படுத்தான். நான் உள்ளே போய்ப் பந்தியில் இருந்தேன். பாயாசம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதனால் வெளியே வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அவனையும் சாப்பிட அனுப்பலாம் என்று வானடிக்குப் போனேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. அது புதினமில்லை, ஒரு தட்டுக்கு எழும்புகிற ஆளா அவன்? இன்னொருமுறை தட்டிவிட்டுத் திரும்பப் போனவன், ஏதோ குறைகிறது என்று நின்றேன்.

குறட்டை இல்லை.

காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டேன். என்ஜின் கரகரப்பு மட்டும்தான் கேட்டது. உள்ளே பார்த்தால் வாய் திறந்திருக்க, தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. வாயோரத்தில் சத்தி எடுத்தது வழிந்திருந்தது. "கேதீஸ்! எழும்படா!" என்று கத்திக்கொண்டு வானைப் போட்டுக் குலுக்கினேன்.

மண்டபத்து ஆள் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆள் நல்லாய் ஏத்திப்போட்டுப் படுத்திருக்கு. விடுங்கோ, வெறி முறிய எழும்பும்."

"அவன் சாராயம் தொட்டும் பாக்கிறேல்லை ஐயா! கதவும் பூட்டிக் கிடக்கு!"

என் வானிலிருந்து ரயர் கழற்றுகிற கம்பியை எடுத்துப் பின்பக்கக் கண்ணாடியை அடித்து உடைத்தேன். கையை விட்டுக் கதவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் முதலில் திறப்பைத் திருகி என்ஜினை நிற்பாட்டினேன். பிறகு நாலு பேராகச் சேர்ந்து அவனை இழுத்து வெளியே எடுத்து, மதிலுக்குத் தூரமாக, காற்றுப் படுகிற மரநிழலில் கிடத்தினோம். மூச்சு இருந்தது. மெல்லிய மூச்சு. யாரோ சோடாப் போத்திலோடு ஓடி வந்தார். சுயநினைவு இல்லாதவன் வாயில் எதையும் ஊற்றவேண்டாம் என்று தடுத்து, அவனை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தேன். மண்டபத்து ஆள்தான் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டார். அதற்குள் ஒருவர் "ஏசி காஸ் அடிச்சுப் போட்டுது" என்றும், இன்னொருவர் "ஹாட் அற்றாக்" என்றும் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆசுப்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி நின்றாள். விரலில் அந்தச் சின்ன மெசினைக் கொழுவியதும் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. எனக்கு உயிர் வந்தது.

"ஒட்சிசன் நல்லாய் இருக்குத்தானே பிள்ளை?"

அவள் மெசினை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எங்கை கிடந்தவர்?" என்று கேட்டாள். பூட்டின வான், ஓடிக்கொண்டிருந்த என்ஜின், மதில், எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவுதான், மூக்கையும் வாயையும் இறுக்கி மூடுகிற முகமூடியைப் போட்டு ஒட்சிசனைக் கூட்டிவிட்டாள். இரத்தமும் எடுத்து அனுப்பினாள்.

"காபன் மொனொக்சைட்டாய் இருக்கவேணும். உந்த வாயு இரத்தத்திலை ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடிச்சுக்கொள்ளும். உந்த மெசினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதாலை நல்லாய்த்தான் காட்டும். இரத்தச் சோதனை வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது."

"தப்புவானோ?"

"நேரத்துக்கு வெளியிலை எடுத்திட்டியள். பாப்பம்."

தயாளினி வந்தாள். அவனைப் பார்த்ததும் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன், எனக்கே அழுகை வந்துவிட்டது. அவனைப் பற்றிப் பண்ணின அவ்வளவு பகிடியும் அப்போது நெஞ்சுக்குள் முள்ளாய் நின்றது. அவன் எழும்பவேண்டும், எழும்பினால் போதும், இனி எவ்வளவு குறட்டை விட்டாலும் கேட்கலாம் என்று நினைத்தேன்.

பொழுதுபடுகிற நேரம் அவனுடைய கை அசைந்தது. கண்ணைத் திறந்து, தயாளினியைப் பார்த்து, என்னைப் பார்த்து, முகமூடிக்குள்ளால் ஏதோ சொன்னான். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். பிறகு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத முகத்தோடு நிமிர்ந்தாள்.

"கலியாணச் சனத்தை ஆர் ஏத்திக்கொண்டு போனது எண்டு கேக்கிறார், அண்ணை."

இரத்தச் சோதனையும் டொக்டர் சொன்னதையே சொன்னது. வீட்டுக்கு விடும்போது, சில கிழமை கழித்தும் மறதியோ தடுமாற்றமோ வரக்கூடும், கட்டாயம் திரும்பி வந்து காட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அவனும் தவறாமல் போய்க் காட்டினான். ஒன்றும் இல்லை. அந்த வாரம் தேத்தண்ணிக்கு யாருடைய முறை என்பதை மட்டும் வசதியாக மறந்தான், அது அவனுக்குப் பழைய வியாதி.

வானை மெக்கானிக் நிருஷனின் கராச்சில் ஏற்றினோம். அவன் முன் சீற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டான்.

"இஞ்சை பாருங்கோ. என்ஜினிலையிருந்து வாற புகைக்குழாய் பூட்டிற இடத்திலை இடைவெளியை அடைக்கிற பக்கிங் எரிஞ்சு போச்சு. புகை சைலன்சருக்குப் போக முந்தியே வெளியாலை வருது. சீற்றுக்குக் கீழை என்ஜின் மூடியைச் சுத்தி இருக்கிற றப்பரும் கிழிஞ்சிருக்கு. பிறகென்ன, நேரை உள்ளுக்குத்தான்."

"ஓடேக்கை ஒண்டும் செய்யேல்லையே?" என்றான் கேதீஸ்.

"ஓடேக்கை கனக்கக் காத்து அள்ளிக்கொண்டு போயிடும். நிண்டால் அப்பிடியே கீழை தேங்கி மேலை ஏறும். நீங்கள் மதிலோடை வேறை விட்டிருக்கிறியள். ஏசியும் உள்காத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சுத்தும், புதுக்காத்து வராது."

"எனக்குப் புகை மணக்கேல்லையடா."

"புகையிலை மணக்கிறது வேறை சாமான் அண்ணை. ஆளைக் கொல்லுறதுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. உங்களுக்கு மல்லிகைதான் மணந்திருக்கும்."

கேதீஸ் போய் அந்தக் குப்பியைக் கழற்றி எறிந்தான். புதுப் பக்கிங், புது றப்பர் எல்லாம் போட்டு முடிந்ததும் நிருஷன் ஒன்றைச் சேர்த்துச் சொன்னான்: "லீக் இல்லையெண்டு நம்பி இனியும் என்ஜினை விட்டிட்டுப் படுக்கிறேல்லை. அடுத்த ஓட்டை எப்ப விழும் எண்டு குழாய் சொல்லிப்போட்டே விழும்?"

இப்போது அவன் என்ஜினை நிற்பாட்டி, கதவுகள் எல்லாவற்றையும் திறந்து, வேப்ப மரத்துக்குக் கீழே எங்களோடு சேர்ந்து வியர்க்கிறான். அது அவனுக்குப் பெரிய தண்டனைதான். கூடவே ஒரு புதுப் பழக்கமும் பிடித்திருக்கிறது. எங்கே ஹயர் போனாலும், கண்ணாடி ஏற்றி என்ஜின் ஓடுகிற வாகனத்துக்குள் யாராவது படுத்திருந்தால் இவனால் கடந்து போக முடியாது. தட்டுவான்.

போன கிழமை கோப்பாயில் வயதுக்கு வந்த பிள்ளை ஒருத்தியின் சாமத்தியவீடு. வாசலில் நின்ற பெரிய காரைப் போய்த் தட்டினான். ஒரு தட்டு, இரண்டு தட்டு. உள்ளே அசைவில்லை. கேதீசின் முகம் வெளிறியது. இரண்டு கையாலும் கண்ணாடியில் அடிக்கத் தொடங்கினான். நான் ஓடிப்போக முதல் கதவு திறந்தது. கொழுத்த மனிதர் ஒருவர் நித்திரைக் கண்ணோடு இறங்கி, விசரனா நீ, ஆரின்ரை காரெண்டு தெரியுமோ, என்று தொடங்கினார். கேதீசின் பரம்பரை வரைக்கும் போனார். அவன் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டான். அவர் களைத்து ஓய்ந்த பிறகு, புகை உள்ளே வரும் விசயத்தை நாலு வசனத்தில் பவ்வியமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். அவர் முணுமுணுத்துக்கொண்டே என்ஜினை நிற்பாட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உவரிட்டை உவ்வளவு பேச்சு வாங்கவேணுமோ? நீயும் ரெண்டு குடுத்திருக்கலாம்."

கேதீஸ் வியர்வையைத் துடைத்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"ஏசட்டும் அண்ணை. ஏசுறதெண்டால் ஆள் உயிரோடை இருக்குது."