கண்ணாடி வாத்தியாரின் கடைசிப் படம்

முன்னறையில் பெட்டியின் பிளாஸ்டிக் டேப்பைப் பிய்க்கும் சத்தம் சர்ரென்று கேட்டது. உள்ளறையில் கணினி முன் இருந்த எப்சிபாவின் கை நின்றுவிட்டது.

துபாயிலிருந்து தம்பி வந்து இரண்டு நாள் ஆகிறது. அப்பாவை அடக்கம் பண்ணி இருபத்தாறு நாள்.

"அக்கா, இன்னா பாரு. அப்பாவுக்குன்னு செஞ்ச கண்ணாடி."

ஜோயலின் உள்ளங்கையில் கறுப்பு பிரேம் பளபளத்தது. அப்பா அருமைநாயகத்தை மேலகரத்தில் பெயர் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது, 'கண்ணாடி வாத்தியார்' என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பழைய குற்றாலத்தில் குளிக்கும்போது அவர் போட்டிருந்த கண்ணாடியைத் தண்ணீர் கொண்டுபோனது. எப்சிபா மறுவாரமே தென்காசியில் ஒன்று செய்து கொடுத்தாள். அதை அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ஜோயல் கொண்டாரேன்னு சொல்லியிருக்கான்ட்டி. அதப் போட்டுக்கிடுதேன்."

அவன் மூன்று முறை லீவைத் தள்ளிப்போட்டான்.

"முப்பதாம் நாள் ஜெபத்துல சர்ச்சுல படம் வைக்கணும்" என்றான் ஜோயல். "கண்ணாடி இல்லாட்டி ஒரு பயலுக்கும் அடையாளம் தெரியாது. போன் ஆப்ல போட்டுப் பாத்தேன், ஒட்டவச்ச மாதிரி இருக்கு. நீதான் பதினெட்டு வருஷமா ஸ்டுடியோல இதே வேலை பாக்குதயே."

பழைய படங்கள் எல்லாம் குரூப் போட்டோ. அதில் அப்பாவின் முகம் நகத்தளவு. பெரிதாக்கத் தோதான படம் ஒன்றே ஒன்று, எப்சிபா போன வருடம் முன்னறையில் எடுத்தது. அதில் கண்ணாடி இல்லை.

"வா, அந்த நாற்காலில இரு" என்றாள். "கண்ணாடியப் போடு."

அப்பா இருந்த அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே மாலை நாலு மணி. படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது, முகம் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பிக் குனிந்திருக்கிறது. அவன் தாடையைப் பிடித்து அந்த அளவுக்கே திருப்பினாள்.

"ஒண்ணுமே தெரியலக்கா. எல்லாம் மங்கலா இருக்கு."

"அது அப்பா பவரு. கண்ணச் சுருக்காதல."

அந்தக் கோணத்தில் நான்கு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜோயல் பின்னால் வந்து நின்றான். பிரேமை மட்டும் பிரித்தெடுத்து அப்பாவின் முகத்தில் வைத்தாள். முகம் திரும்பியிருந்ததால் அப்பால் இருக்கும் வட்டம் குறுகலாகத் தெரிந்தது. கண்ணாடியின் காலைக் காது வரை கொண்டுபோய் நரைமுடிக்குள் மறைத்தாள். மூக்கின் நிழல் வலப்பக்கக் கன்னத்தில் விழுந்திருந்தது. பிரேமின் நிழலையும் அதே பக்கம், அதே மங்கலில் இறக்கினாள். ஜோயல் போட்டிருந்தபோது கண்ணாடியில் விழுந்த ஜன்னல் கம்பிகளின் வெளிறிய சாயலையும் சேர்த்தாள். அது கருவிழியை மறைக்காதபடி பாதிக்கு மேல் அழித்தாள்.

"அப்படியே உயிரோட இருக்காரு!" ஜோயல் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"இன்னும் முடியல. இது பிளஸ் பவரு. உள்ள இருக்கற கண்ணு பெருசாத் தெரியணும்."

கண்ணாடி வட்டத்துக்குள் இருந்த பகுதியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினாள். அந்தக் கணம் படம் மாறிப்போனது. கண்ணோரச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தடித்தன. இடுக்கிய இமைகளுக்கு நடுவே இரண்டு கண்களும் எதையோ தேடித் தவித்தன. கண்ணாடி போட்டும் பார்வையில்லாத மனுஷன் போலிருந்தது.

"என்னக்கா இப்படி முழிக்காரு? எதப் பாக்காரு?"

எப்சிபா திரும்பவில்லை. "ஒன்னத்தான். இத எடுக்கும்போது வீடியோ கால்ல நீ பேசிட்டிருந்த. போன நீட்டி நீட்டிப் பிடிச்சாரு. ஒன் மூஞ்சி தெரியல. 'பையன் மெலிஞ்சிட்டானாட்டி'ன்னு என்கிட்ட கேட்டாரு."

ஜோயல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுவான், தன் தோளில் சாய்வான் என்று அவள் நெஞ்சு எதிர்பார்த்தது.

"அந்தக் கண்ண மட்டும் கொஞ்சம் விரிச்சு விட்டிரு" என்றான் அவன். "சர்ச்சுல நாலு பேரு கேப்பாங்க."

"முடியாது."

"ஊரான் வீட்டுக் கல்யாண ஆல்பத்துல கண்ணே தொறக்காதவனுக்கெல்லாம் கண்ணத் தொறந்து வைக்குத! சொந்தத் தகப்பனுக்கு முடியாதோ?"

"அவங்க கண்ண மூடினது கேமரா பிளாஷுக்கு. இவரு ரெண்டு வருஷம் இடுக்கினது ஒனக்கு. அத நான் அழிக்க மாட்டேன். கண்ணாடி இல்லாத படத்தத் தாரேன், கொண்டு போ."

"இந்தப் படம்தான் வேணும்."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கணினித் திரையை அவனே படம் பிடித்தான்.

"கண்ண மட்டும்தான? ஒரு ஆப்ல ரெண்டு நிமிசத்துல விரிச்சிரலாம்."

அவள் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். மனைவி வீட்டார் இலஞ்சியில் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே அவன் செருப்பை மாட்டினான். வர்றேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் படியிறங்கியதும் எப்சிபா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.