கரை போல வெட்டிய இடுப்புப் பட்டி

எங்கள் வீட்டு முன்கூடத்தில் தறி இருந்த இடத்தில் இப்போது மூன்று தையல் இயந்திரங்கள் இருக்கின்றன. மருமகள் நடத்தும் பட்டறை அது. நான் கைத்தறித் தொழில்நுட்பம் படித்து, புடவைக்கு வடிவமைப்பு செய்து ஓய்வு பெற்றவன். துணி வெட்டும் மேசை என்னுடையது. வெட்டுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதைச் செய்தேன்.

காவலர் தேர்வுக்காகத் தாமல் ஏரிக்கரையில் ஓடிப் பழகும் பெண்களுக்கு லெகிங்ஸ் கேட்டு அவர்களுக்குப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் வந்திருந்தார். தையல் தொடையை உரசக் கூடாது, குனிந்தால் கிழியக் கூடாது, இடுப்புப் பட்டி சுருளக் கூடாது என்றார். முதல் இரண்டும் திருப்புட்குழியிலிருந்து வரும் எங்கள் தையல்காரப் பெண்ணின் பொறுப்பு. பிளாட்லாக் இயந்திரம் அவள் கைக்குத்தான் பணியும். இரண்டு விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைப்பாள்; உள்ளே விரல் ஓட்டினால் மேடே தெரியாது. கால்கள் சேரும் இடத்தில் எல்லாத் தையலும் ஒரே புள்ளியில் முட்டாதபடி சாய்சதுரத் துண்டு ஒன்றை, தையல்காரர்கள் மியானி என்பார்களே, அதை வைத்தாள். மூன்றாவது என் பொறுப்பு. பட்டியை நான் வெட்டினேன்.

மாதிரியைப் பார்க்க அவர்கள் வந்த அன்று, ஓடும் பெண்களில் ஒருத்தி உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஏற்றவே கொஞ்சம் சிரமப்பட்டாள். கைகளை நீட்டி உட்கார்ந்து எழுந்தாள். மியானி அசையவில்லை. பட்டி மட்டும் பாய் சுருள்வது போல மடிந்து இறங்கிவிட்டது.

"இன்னாமா இது, பாய் மாதிரி சுருட்டிக்கினு வருது? தையல் கை சரியில்ல. ஆள மாத்துங்க," என்றார் பயிற்சியாளர்.

மருமகள் தையல்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "நூல ரொம்ப இழுத்து வச்சிட்டியா?"

"இல்லக்கா. இழுத்தா பட்டு பட்டுனு அறுந்துடுமே."

"நாளைலருந்து நீ ஓவர்லாக்ல உக்காரு. பிளாட்லாக்குக்கு வேற ஆள் பாக்கறேன்."

நான் மேசையில் கிடந்த வெட்டுத்துண்டை எடுத்து இழுத்துப் பார்த்தேன். நீளவாக்கில் கொஞ்சம்தான் நெகிழ்ந்தது. அகலவாக்கில் தாராளமாக நீண்டது. அந்த நொடியே விளங்கிவிட்டது. புடவையில் கரை, நெடுக்கு நூலான பாவின் போக்கில் நீளமாக ஓடும். அந்தப் பழக்கத்தில் பட்டியையும் கரை போலத் துணியின் நீளவாக்கில் வெட்டியிருந்தேன், உள்ளே வைக்கும் வலைத்துணியையும் அப்படியே. இடுப்பைச் சுற்றி நீள வேண்டியது மேலும் கீழுமாக நீண்டது. அது நிமிர்ந்து நிற்காமல் சுருளத்தான் செய்யும்.

தெரிந்தும் வாய் திறக்கவில்லை. படித்தவன், வயதானவன், மாமனார். மூன்றும் சேர்ந்து என் நாக்கைக் கட்டின. தையல்காரப் பெண் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை எனக்கு வெட்கம் அதில்தான், தப்பாக வெட்டியதில் இல்லை.

மறுநாள் காலையில் அவள், துணி விளிம்பு பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் முன் உட்காரப் போனபோது அவளையும் மருமகளையும் கூப்பிட்டேன். வெட்டுத்துண்டை இரண்டு வாக்கிலும் இழுத்துக் காட்டினேன். "தப்பு என் கத்திரியோடது. நேத்தே தெரியும். சொல்லல," என்றேன்.

மருமகள் முகம் கறுத்தது. "ஏன் மாமா, நேத்து வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

தையல்காரப் பெண் துண்டை வாங்கி, தானும் ஒருமுறை இழுத்தாள். "அந்தப் பொண்ணுங்க ஓடறதுக்கு கேட்டாங்க ஐயா. நீங்க கல்யாணத்துக்கு கரை வச்சி குடுத்திருக்கீங்க." சிரிக்காமல் சொன்னாள். பிறகு நேராகப் போய் பிளாட்லாக் முன் உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை.

தையலைப் பிரித்து மீண்டும் தைப்பதில் பலனில்லை. அந்த இயந்திரம் தைக்கும்போதே விளிம்பை நறுக்கிவிடும். பட்டியைத் தையலோடு சேர்த்து வெட்டி எடுத்தோம். குறைந்த உயரத்தைப் புதுப்பட்டியில் கூட்டினேன். இம்முறை துணியைக் குறுக்கே போட்டு, சுற்றளவு இடுப்பைவிடச் சற்றுக் குறைவாக, மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட ஒடுங்க வெட்டினேன். அவள் தைத்தாள்.

உருப்படிகளை நானே தாமலுக்கு எடுத்துப் போனேன். அன்று போட்டுப் பார்த்த அதே பெண் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினாள், தாண்டினாள், உட்கார்ந்து எழுந்தாள். பட்டி வைத்த இடத்தில் நின்றது.

பயிற்சியாளர் தலையாட்டினார். "நல்லா இருக்குதுபா. ஆள மாத்திட்டீங்கதானே?"

நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மருமகளும் உடன் வரவில்லை.

"தைச்ச கை அதே கைதான்மா. வெட்டினவன் தப்பு. வெட்டினது நான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அடுத்த தடவ தைச்ச பொண்ணையே அளவெடுக்க அனுப்புங்க."

அதைத்தான் தையல்காரப் பெண்ணிடம் சொல்லப் பஸ் ஏறினேன்.