கெட்டிமேளத்துக்கு நீட்டிய விரல்

தங்கை கல்யாணத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, எந்தப் பொறுப்பிலும் தலையிடாமல் இருப்பது. தாய்மாமா இதை எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

"நீ அந்த ஜப்பான்காரரோட உக்காரு. அவர் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. வேற எதையும் தொட்டுடாத லா."

நான் வேலை பார்த்த ஷா ஆலம் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் அவர். இந்துக் கல்யாணம் பார்த்ததில்லை என்றார், கூப்பிட்டேன். கிள்ளான் கோயில் மண்டபத்துக்கு எங்கள் சொந்தக்காரர்களுக்கு முன்பே வந்துவிட்டார். கழுத்தில் கேமரா.

அம்மா மட்டும் மண்டபத்தில் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து, கிள்ளான் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். தேதியை மாற்றலாம் என்று அப்பா சொன்னதற்கு ஒரே பேச்சுதான் பேசினாள். "நான் விழுந்ததுக்கு என் மக கல்யாணம் நிக்கக் கூடாது. தாலி கட்டுறத நல்லா படம் எடுத்துட்டு வாங்க. அது போதும் எனக்கு."

அந்தப் படத்துக்காகத்தான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு படக்காரரை ஏற்பாடு செய்திருந்தோம். காலையில் கோயில் ஆபீசுக்கு போன் வந்தது. பெடரல் ஹைவேயில் அவருடைய கார் நின்றுவிட்டதாம், புகை வருகிறதாம். காரை இழுத்துப் போக டோ லோரி வரும்வரை முகூர்த்த நேரம் காத்திருக்காது.

மாமாவின் பார்வை ஜப்பான்காரரின் கழுத்துக்குப் போனது. விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து குனிந்து சம்மதித்தார். பிறகு கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் வாடினார். கோபுரத்தையும் பூக்கடையையும் வாசலில் படுத்திருந்த பூனையையும் எடுத்துத் தள்ளியதில் பிலிம் தீரும் நிலையில் இருந்தது. இன்னும் மூன்றே படம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை, எந்தக் கடையும் திறக்கவில்லை.

"தப்பான நேரத்தில் அமுக்கக் கூடாது. எது எப்போது நடக்கும், எதற்காக, எல்லாம் சொல்" என்றார். (நாங்கள் பேசியது உடைந்த இங்கிலீஷ். தமிழில் எழுதும்போது கொஞ்சம் ஒட்டவைத்திருக்கிறேன்.)

மெஷினைச் சோதிப்பவர் போலத்தான் கேட்டார். முதலில் வாழைமரம்.

"தாய்மரம் போனாலும் பக்கத்திலேயே கன்று நிற்கும். வம்சம் அப்படித் தொடரணும்."

"அந்த மஞ்சள் உருண்டை?"

"மஞ்சளில் பிடித்த பிள்ளையார். தடை வராமல் பார்த்துக்கொள்வார்." படக்காரர் விஷயத்தில் பார்த்துக்கொள்ளவில்லையே என்பதை நான் சொல்லவில்லை. மஞ்சள் பிள்ளையாரின் காதில் விழுந்துவிட்டால்?

மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை ஜப்பான்காரர் காட்டினார். காப்பு, கட்டிய பிறகு சடங்கு முடியும்வரை அவருக்கு அதுதான் காவல் என்றேன். ஓரத்தில் இருந்த அம்மிக்கல்லைக் காட்டி, சமையலறையிலிருந்து கொண்டுவந்து மறந்து விட்டுவிட்டார்களா என்று கேட்டார்.

"இல்லை, தாலி கட்டியபின் மணப்பெண் அதன்மேல் கால் வைப்பாள். கல்லைப் போல உறுதியாக நில் என்று அர்த்தம். அப்போது மாப்பிள்ளை அவள் விரலில் மெட்டி போடுவார்."

"மாப்பிள்ளை கால் வைக்க வேண்டாமா?"

மெட்டி போட அவர்தான் குனிகிறாரே, அது போதும் என்றேன்.

தங்கை கூறைப்புடவை கட்டிக்கொள்ள உள்ளே போயிருந்தாள். அதற்குள் சித்தி ஒரு தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்தாள். தட்டில் தேங்காய், அதன்மேல் மஞ்சள் கயிற்றில் தாலி. "இதுதான் முக்கியம். எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கணும், நீங்களும்" என்றேன். இரண்டு கையாலும் தொட்டு, தட்டுக்கே ஒரு கும்பிடு போட்டார். சித்திக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அட்சதையும் கொடுத்தாள்.

"முனை முறியாத அரிசி. மஞ்சளும் நெய்யும் சேர்த்தது. வாழ்க்கையும் முறியாமல் இருக்கணும் என்று தூவுவோம்."

"எப்போது தூவுவீர்கள்? அதுதானே நான் அமுக்கும் நேரம்?"

"சரியாகச் சொன்னீர்கள். ஐயர் விரலைத் தூக்கி ஆட்டுவார். உடனே மேளம் படபடவென்று அடிக்கும். கெட்டிமேளம். யாராவது தும்மினாலும் அழுதாலும் கெட்ட வார்த்தை பேசினாலும் அந்த நேரத்தில் காதில் விழக் கூடாது, அதற்காக. எல்லாரும் எழுந்து தூவுவார்கள், மறைத்துவிடுவார்கள். நீங்கள் விரலைப் பார்த்ததுமே முன்னால் போய்விட வேண்டும். இப்படி ஆட்டுவார்."

இப்படி என்று ஆட்டிக் காட்டினேன். பாடம் நன்றாகப் பதியட்டுமே என்று கையை உயர்த்தி, முழு மூச்சாக.

தவில்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மேளம் வெடித்தது. நாதஸ்வரம் கூடவே பாய்ந்தது. மண்டபமே எழுந்து அட்சதையை வீசியது. மேடையில் மணப்பெண்ணே இல்லை! மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து மஞ்சள் மழையில் நனைந்தார். தாலித் தட்டு இன்னும் எங்கள் வரிசையில். ஜப்பான்காரர் சொன்ன சொல் தவறாதவர். பாய்ந்து முன்னால் போய் இரண்டு தடவை அமுக்கிவிட்டார்.

"எவன்டா விரல காட்டுனது?" என்றது மாமாவின் குரல். என் விரல் அப்போதும் மேலேதான் இருந்தது.

அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டு வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. அம்மா ஒரு படம் கேட்டாள், நான் கல்யாணத்தையே கவிழ்த்துவிட்டேன். ஐயர்தான் நிதானமாக மைக்கைப் பிடித்தார்.

"தாலி சபையில இருக்கு, சபை வாழ்த்திடுச்சு. வாழ்த்து கூடினா தோஷம் கிடையாது. உக்காருங்க. பொண்ண அழைச்சிட்டு வாங்க, நேரம் போகுது."

ஆனால் கீழே விழுந்த அட்சதையைப் பொறுக்கித் தூவ முடியாது. சித்தி சமையல்கட்டுக்கு ஓடி அரிசியில் மஞ்சளைக் கொட்டிப் பிசைந்தாள். "நொய்ய எல்லாம் எடுத்துப் போடுங்க லா, முறிஞ்ச அரிசி ஆகாது!" என்ற அவள் கத்தல் மேடைவரை கேட்டது. ஆளுக்குச் சிட்டிகைதான் கிடைத்தது.

"எத்தனை இருக்கிறது?" என்று கேட்டேன். ஜப்பான்காரர் ஒரு விரலைக் காட்டினார். படம் ஒன்றுதான் என்பது ஒரு கவலை, இதைப் பார்த்துத் தவில்காரர் மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்பது பெரிய கவலை. அவர் கையை அமுக்கி இறக்கினேன். என் இரண்டு கையையும் மாமா பிடித்து, மேடை ஓரமாக நிறுத்திக்கொண்டார்.

தங்கை வந்து உட்கார்ந்தாள். அம்மா இல்லாததால் சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்தார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் விரலை ஆட்டினார், மேளம் முழங்கியது.

ஒருவரும் எழவில்லை! இது நிஜமா, இல்லை மறுபடியும் அந்தப் பையனா என்று மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மேடைக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு தலைகூட இல்லை. அந்த இடைவெளியில் ஜப்பான்காரர் அமுக்கினார். பிறகுதான் அட்சதை பறந்தது.

பிலிமைக் கழுவக் கொடுத்து, படம் கைக்கு வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே படம். கை ஆடியிருந்தால்? கண் மூடியிருந்தால்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தாலி தெரியுது. மாப்பிள முதல் முடிச்சு போடுறாரு. மத்த முடிச்சுக்கு நாத்தனா கை பின்னால ரெடியா இருக்கு. புள்ள குனிஞ்சிருக்கா." விரலால் தங்கையின் நெற்றியைத் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு அவள் பார்வை படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது.

"ஏன்டா, மாமா எதுக்கு உன் ரெண்டு கையயும் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

"பாசம்மா."

"என் தம்பிய எனக்குத் தெரியாதா? என்ன பண்ணித் தொலைச்ச, சொல்லு."

சொன்னேன். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வாயால் மட்டும்.