பாட்டுக்கு நடுவே நாலு நொடி

மருந்துக்கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி ஒன்று மேலே போகும். பதினாறு படி ஏறினால் தையல்காரம்மாவின் அறை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஆள் உயரக் கண்ணாடி, மூலையில் துணி மூடிய பழைய கம்ப்யூட்டர். இருபத்திரண்டு வருடமாக அவர் உலகம் அவ்வளவுதான். காலையில் வந்ததும் மிஷினின் சக்கரத்தில் கை வைத்து, கண்ணை மூடி, அன்றைக்குத் தைக்கப்போகிற துணியை உடுத்தப்போகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் நூல் கோப்பார். அதற்கு அடுத்த வேலை, கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுவது.

அந்தப் பாட்டெல்லாம் அவர் தம்பி சேர்த்து வைத்தது. அவனுக்கு வானொலியில் பேச வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. மூன்று முறை குரல் தேர்வுக்குப் போனான், மூன்று முறையும் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான். கடைசியில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனான். விடுமுறை நாளில் அக்கா கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு பாட்டுகளைப் பட்டியல் பட்டியலாக அடுக்குவான். பட்டியலுக்குப் பெயரும் அக்காவின் வேலையை வைத்துத்தான். "வெட்டுற நேரம்" ஒன்று, "காஜா பட்டன்" ஒன்று, "அவசர டெலிவரி" ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே "மனசு சரியில்லாத நாள்" என்று இன்னொன்று.

பாட்டோடு நிற்கவில்லை அவன். ஒரு மைக் வாங்கிவந்து, தன் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து, பாட்டுக்கு நடுவே செருகி வைத்தான்.

"அக்கா, தண்ணி குடி."

"அக்கா, நிமிர்ந்து உக்காரு, முதுகு வளைஞ்சுடும்."

"அடுத்த பாட்டு அக்காவுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். அதனால போடுறேன்."

காஜா போட வரும் சின்னவள், அவளுக்கு நாற்பது வயது ஆனாலும் கடையில் அதுதான் பெயர், முதல் தடவை கேட்டபோது சிரித்துச் சிரித்து ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள். "ஏக்கா, உன் தம்பி ரேடியோவுல வேலை கிடைக்கலன்னு நம்ம கடையையே ஸ்டேஷன் ஆக்கிட்டானே!"

"கேக்குறதுக்கு ரெண்டே பேரு. அதுலயும் ஒருத்தி தூங்குமூஞ்சி," என்றார் தையல்காரம்மா. ஆனால் அவர் முகம் பூரித்துக் கிடந்தது.

தம்பி போய் இரண்டு வருடம் ஆகிறது. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அவன் இல்லை. அக்கா பதினைந்து நாள் கடை திறக்கவில்லை. திறந்த அன்று, சின்னவள் என்ன செய்வதென்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாள். மூன்றாவது பாட்டு முடிந்ததும், "அக்கா, தண்ணி குடி" என்றது பெட்டி. தையல்காரம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அழுகையெல்லாம் இல்லை. பெட்டி சொல்லும், அவர் குடிப்பார்.

இந்தப் பெட்டிதான் ஒரு மாதத்துக்கு முன்னால் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. போட்டால் விழித்துக்கொள்ள அரை மணி நேரம். நடுவில் பாட்டு திக்கும். இரண்டு தெரு தள்ளி கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அண்ணனிடம் சின்னவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

மறுநாள் அவர் போன் செய்தார். தையல்காரம்மா கல்யாணத் துணி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். கையில் கத்தரி, போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"அம்மா, இதை ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் புதுசா ஏத்தணும். பாட்டு ஃபோல்டரை எடுத்து வச்சுட்டேன். லிஸ்ட்டும் அதுக்குள்ளயே இருக்கு. வேற ஏதாவது வேணுமா?"

"பாட்டும் லிஸ்ட்டும் இருந்தா போதும்ணே."

"டெஸ்க்டாப்புல ஒரு ஃபோல்டர்ல சின்னச் சின்னதா பதினோரு ஆடியோ கிடக்கு. ஒவ்வொண்ணும் நாலஞ்சு நொடி, மிஞ்சினா ஏழு."

தையல்காரம்மாவின் கண் சாக்குக்கட்டிக் கோட்டில் இருந்தது. வெட்டு மேசைக்குக் கீழே துண்டுத் துணி குவிந்து கிடந்தது. இருபத்திரண்டு வருடமாக அதைக் கூட்டி அள்ளிக் கொட்டிய பழக்கம்தான் பேசியது.

"அந்தத் துண்டு துக்கடாவெல்லாம் எதுக்குண்ணே, தூக்கிப் போட்டுடுங்க."

தம்பியின் குரல் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். பட்டியலை அழுத்தினால் பாட்டு வருகிறது, குரல் வருகிறது, மறுபடி பாட்டு வருகிறது. பிறகு அது எல்லாம் சேர்த்துத் தைத்த ஒரே துணி இல்லாமல் வேறென்ன?

பெட்டி கடைக்குத் திரும்பியது. பத்து நாள் கல்யாண வேலை; தலை நிமிர நேரமில்லை, பாட்டுப் போடக்கூடத் தோன்றவில்லை. அளவு எழுதவும், வாடிக்கையாளர் அனுப்பிய படங்களைப் பார்க்கவும் மட்டும் கம்ப்யூட்டர் ஓடியது. வேலை முடிந்த மறுநாள் காலை, "வெட்டுற நேரம்" பட்டியலை அழுத்தினார். வரிசை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒரு பாட்டும் பாடவில்லை. எத்தனை தடவை பாடியது என்ற கணக்குக்கூட எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

"என்னக்கா, எல்லாம் ரத்தக் களரியா இருக்கு!" என்றாள் சின்னவள்.

இருவருமாகப் பெட்டியைச் சுமந்துகொண்டு போனார்கள். பழுதுபார்க்கும் அண்ணன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. பாட்டு ஒண்ணும் போகல. நான்தான் திருப்பி வைக்கும்போது வேற ஃபோல்டருக்குள்ள வச்சுட்டேன். லிஸ்ட்டுங்கிறது பாட்டு இல்ல. எந்தப் பாட்டு எங்க இருக்குன்னு விலாசம் எழுதின தாள், அவ்வளவுதான். பாட்டு வீடு மாறிடுச்சு, தாளுல பழைய விலாசமே இருக்கு."

பட்டியலை எழுத்தாகத் திறந்து காட்டினார். பாட்டுக்கு இரண்டு வரி. முதல் வரியில் எத்தனை நொடி என்ற எண்ணும் பாட்டின் பெயரும்; இரண்டாவது வரியில் அது இருக்கும் இடம். பழைய இடத்தைத் தேடி, எல்லா வரியிலும் ஒரே வீச்சில் புதிய இடத்தை மாற்றினார். நாலு பட்டியலுக்கும் அப்படியே செய்து சேமித்தார். மறுபடி திறந்தபோது சிவப்பெல்லாம் கறுப்பாகிவிட்டது.

எல்லாம் இல்லை. அங்கங்கே சில வரிகள் சிவப்பாகவே நின்றன.

"இது என்ன, பதினொண்ணு மட்டும் வேற இடத்தைக் காட்டுது. டெஸ்க்டாப்பு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

தையல்காரம்மா குனிந்து படித்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 4, அக்கா தண்ணி குடி. 5, அக்கா நிமிர்ந்து உக்காரு. 7, அடுத்த பாட்டு அக்காவுக்குப் பிடிக்காது.

விரல் அந்த வரியிலேயே நின்றது. "இது பாட்டுக்குள்ள இல்லையா?"

பழுதுபார்க்கும் அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான்தான் தூக்கிப் போட்டுடுங்கன்னு சொன்னேன்," என்றார் தையல்காரம்மா. சத்தமே இல்லை. "வாய் கூசாம சொன்னேன்ணே. துண்டு துக்கடான்னு சொன்னேன்."

"எனக்கும் தெரியலம்மா. ஒண்ணைப் போட்டுக் காட்டியிருக்கலாம் நான்," என்றார் அவர். "இருங்க. அழிச்ச டிஸ்க்குல சில சமயம் மிச்சம் மீதி கிடைக்கும். ஆனா புதுசா எல்லாம் ஏத்தினதுக்கப்புறம் பத்து நாள் ஓட்டியிருக்கீங்க. அது மேல வேற என்னவெல்லாம் எழுதியிருக்குமோ. ஆசை வச்சுக்காதீங்க."

ஆசை வைக்காமல் இருக்க முடியுமா? டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித் தேட விட்டார். இரண்டு நாள் அது தேடியது. அந்த இரண்டு நாளும் தையல்காரம்மா மிஷினைத் தொட்டு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பாட்டு வேண்டாம், வியாபாரம்கூட வேண்டாம். அந்த நாலு நொடி மட்டும் கொடு சாமி. சின்னவள் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்தாள். காஜா வேண்டாத துணிக்கும் எடுத்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து பிரித்தாள்.

மூன்றாம் நாள் போனார்கள். பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக நூற்றுக்கணக்கான ஆடியோ வந்திருந்தது. கிட்டத்தட்ட எல்லாம் ஏற்கெனவே இருக்கிற பாட்டின் உடைசல்கள். பழுதுபார்க்கும் அண்ணன் அத்தனையையும் உட்கார்ந்து கேட்டிருந்தார், கண் சிவந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கிடைச்சுது. அதுவும் முன்பக்கம் மட்டும். மேல வேற ஏதோ எழுதிடுச்சு."

போட்டார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு, "அக்..." அதற்குமேல் கரகரவென்று இரைச்சல்.

"பேரு போயிடுச்சு. பதினொண்ணுல இது எதுன்னு கண்டுபிடிக்க வழியில்லம்மா."

"எனக்குத் தெரியும்," என்றார் தையல்காரம்மா. "அவன் எதுக்குமே செருமமாட்டான். கூச்சமா எதாவது சொல்றதுன்னாதான் செருமுவான். 'மனசு சரியில்லாத நாள்'ல கடைசி."

பட்டியலைத் திறந்தார்கள். கடைசி வரி: 6, அக்கா நான் இருக்கேன்ல.

சின்னவள் வாசல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள்.

பழுதுபார்க்கும் அண்ணன் வெகுநேரம் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இதை அந்த இடத்துலயே வச்சுடுறேன். இரைச்சலை மட்டும் வெட்டிடட்டுமா? காதுக்கு நாராசமா இருக்கு."

"வெட்ட வேணாண்ணே." அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "கிடைச்சது கிடைச்சபடியே இருக்கட்டும்."

"மத்த பத்து வரியை எடுத்துடவா? இல்லாத ஃபைல்னா பாட்டு அதைத் தாண்டிப் போயிடும். எடுத்துட்டா லிஸ்ட்டு சுத்தமா இருக்கும்."

தையல்காரம்மா யோசித்தார். தம்பி எழுதி வைத்த எண்களைத் திரும்பவும் பார்த்தார். 4. 5. 7. குரல் போய்விட்டது, எவ்வளவு நேரம் பேசினான் என்பது மட்டும் தாளில் நிற்கிறது.

"அண்ணே, சத்தமே இல்லாத ஆடியோ பண்ண முடியுமா?"

"முடியும்."

"அவன் எத்தனை நொடி எழுதியிருக்கானோ அத்தனை நொடிக்கு. அதே பேருல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து துண்டு மௌனம் செய்தார்: நாலு நொடி, ஐந்து நொடி, ஏழு நொடி என்று அளந்து அளந்து. பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, பட்டியலில் விலாசத்தையும் திருத்தினார். மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தார். தையல்காரம்மா அதை முந்தானையில் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை. மிஷின் சக்கரத்தில் கை வைத்தார். கண்ணை மூடினார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. பிறகு "வெட்டுற நேரம்" பட்டியலை அழுத்திவிட்டு மேசைக்குப் போனார்.

முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவது பாட்டு முடிந்தது. பாட்டு இல்லாத அந்த நாலு நொடியில், கீழே மருந்துக்கடைக்காரர் யாரிடமோ மாத்திரை சாப்பிடும் வேளையைச் சொல்வது கேட்டது. சின்னவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். கத்தரி பாதி வெட்டில் நின்றது.

நாலாவது பாட்டு தொடங்கியது. தையல்காரம்மா கத்தரியை வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியாகும்வரை குடித்தார்.