எங்கள் ஆசிரியர்களின் நூல்கள் நீங்கலாக

ஆய்வுக் குழு வரப்போகிறது என்றதும்தான், கல்லூரியில் நூலகம் என்று ஒன்று இருப்பது எங்கள் முதல்வருக்கு நினைவு வந்தது. ஆம்பூருக்கு வெளியே, தோல் தொழிற்சாலைகளைத் தாண்டி இருக்கும் கல்லூரி. நான் அங்கே நூலகர்.

"எதை வாங்கணும், எதைக் கழிக்கணும், நன்கொடை, பட்ஜெட், எல்லாத்தையும் ஒரு கொள்கையா எழுதிக் குடுங்க மேடம். நாலு பக்கம் போதும்" என்றார்.

ஆறு பக்கம் எழுதினேன். துறைகள் கேட்பதைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, இருக்கும் பிரதிகளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாணவர் எண்ணிக்கையையும் புத்தக விலையையும் வைத்துப் பட்ஜெட்டைப் பிரிக்க வேண்டும். நன்கொடையில் வேண்டாததை நூலகம் மறுக்கலாம். ஊர் முதலாளிகள் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் கல்விப்பற்று பொங்கிவிடும். கரையான் தின்ற கலைக்களஞ்சியத்தை அனுப்பிவிட்டுப் பெயர்ப்பலகை வேறு கேட்பார்கள்.

ஆனால் நான் உயிரைக் கொடுத்து எழுதியது கழிப்பு விதியை. காலாவதியான வரி, சட்ட நூல்களை ஆண்டுதோறும் எடுத்து, நூலகக் குழுவின் ஒப்புதலோடு பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்பது அது. காரணம் ஒரு பி.காம். மாணவி. அவள் அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறவர். வரிச்சட்டப் புத்தகம் கேட்டாள். நானும் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி.க்கு முந்தைய விற்பனை வரியை அப்படியே உள்தேர்வில் எழுதி, இருபதுக்கு மூன்று வாங்கி வந்தாள்.

"நீங்கதானே மேடம் குடுத்தீங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அட்டையைத் திருப்பினேன். எழுதியவர் எங்கள் வணிகவியல் துறைத் தலைவர். மூன்று மதிப்பெண் போட்டவரும் அவரே!

நூலகக் குழுக் கூட்டத்தில் புத்தகத்தையும் விடைத்தாளையும் அவர் முன்னால் அருகருகே வைத்தேன். மறுதேர்வு வையுங்கள், இந்த நூலைக் கழியுங்கள் என்று கேட்டேன்.

"வருஷம் உள்ளே போட்டிருக்கே, அந்தப் பொண்ணு பாக்க வேணாமா?" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

"அப்ப இது ஷெல்ஃப்ல எதுக்கு சார்?"

"இன்னா மேடம், இது நம்ம காலேஜோட பெருமை. அதோட, கழிச்சா ஆய்வுக் குழுவுக்குக் காட்டுற புத்தக எண்ணிக்கை கம்மியாயிடும்."

எண்ணிக்கை என்றதும் முதல்வருக்கு வியர்த்துவிட்டது. கழிப்பு விதியின் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'எங்கள் ஆசிரியர்களின் நூல்கள் நீங்கலாக.' மறுதேர்வைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் விடைத்தாளைத் திரும்ப வாங்கிப் போக வந்தாள்.

"மறுதேர்வு உண்டா மேடம்?"

"இல்லம்மா."

அவள் போகும்வரை காத்திருந்து, புத்தகத்தை அதே அலமாரியில் வைத்தேன்.