எப்பவும்போலதானே?

பிரிக்ஃபீல்ட்ஸில் கௌஸ் கடையில் மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டவர் நான்காம் நாள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. "எப்பவும்போலதானே?" என்பார் கௌஸ், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸ் தம்புசாமி ஒருநாள் காய்ச்சலோடு வந்து வெந்நீர் கேட்பதற்குள் வழக்கமாகக் குடிக்கும், சீனி குறைத்து இழுத்து ஆற்றிய தே தாரேக் டீ மேசைக்கு வந்துவிட்டது. பாவம், மனிதர் அதையே குடித்துவிட்டுப் போனார். தன் ஞாபகத்தில் கௌஸுக்கு அவ்வளவு பெருமை.

மூத்தவள் மைமூன் வயிற்றிலிருந்தபோது, வயிறு சின்னதாக இருக்கிறதென்று அவர் மனைவி ஹபீபாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் சிவமலர் சில வாரம் விட்டு விட்டு ஸ்கேன் எடுத்தார். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் சத்தத்தை டாப்ளர் மிஷினில் கௌஸுக்கும் கேட்கவைத்தார். உஸ் உஸ்ஸென்று சத்தம் ஏறி இறங்கியது, நடுவில் அறவே நிற்கவில்லை.

"பிள்ளை சின்னதுதான். ஆனா ஆரம்பத்துலேருந்து தன் அளவுக்கு ஒழுங்கா வளருது. தண்ணியும் போதுமான அளவு இருக்கு, ரத்தமும் நல்லா போகுது. உங்க ரெண்டு பேர்ல யாரு லா உயரம்?" என்று டாக்டர் சிரித்தார். "மாசம் நிறையட்டும், அவசரமே இல்ல."

மைமூன் மாசம் நிறைந்து, சுண்டுவிரல் அளவு குறையுமில்லாமல் பிறந்தாள். அழுகை மட்டும் பெரிய சைஸ்.

நான்கு வருஷம் கழித்து, தொண்ணூற்று நான்கில், ஹபீபா மறுபடி உண்டானாள். எட்டாம் மாதம் வயிறு சின்னது என்றார்கள். கௌஸுக்குக் கவலையே வரவில்லை. வழக்கமான வாடிக்கையாளர் திரும்ப வந்ததுபோல்தான் அவருக்கு இருந்தது.

ஆனால் டாக்டர் சிவமலர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இது மைமூன் மாதிரி இல்ல. ஆறு மாசம் வரைக்கும் நல்லா வளர்ந்த பிள்ளை, இப்ப பின்தங்கிடுச்சு. பிள்ளையோட தலை கொஞ்சம் வளருது, வயிறு வளரல. தண்ணியும் குறைஞ்சிருக்கு. நச்சுக்கொடி சரியா ஊட்டல."

மிஷினைப் போட்டார். உஸ். பிறகு ஒன்றுமில்லை. உஸ்.

"கேட்டீங்களா? பிள்ளையோட இதயம் ரெண்டு துடிப்புக்கு நடுவுல ஓயும்போதும் ரத்தம் முன்னால போய்க்கிட்டே இருக்கணும். இங்க நின்னு போகுது. இன்னும் மோசமானா பின்னால திரும்பும்."

"அப்போ இப்பவே எடுத்துடுங்க, டாக்டர்."

"நுரையீரல் இன்னும் தேறல. அதுக்கு ஊசி போடுறோம். வார்டுல வச்சு தினம் இதயத் துடிப்பையும் அடிக்கடி இந்த ரத்த ஓட்டத்தையும் பார்ப்போம். ரத்தம் திரும்பினாலோ, துடிப்பு கெட்டாலோ அன்னிக்கே ஆபரேஷன். அது வரைக்கும் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு லாபம். ஆனா முப்பத்தினாலு வாரத்துக்கு மேல விடமாட்டேன்."

ஹபீபா சேர்ந்தாள், ஊசியும் போட்டார்கள். அந்தச் சனிக்கிழமை கிள்ளானில் கௌஸின் தங்கை அமீனாவுக்குக் கல்யாணம். அண்ணி இல்லாமல் எப்படி? சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகக் கூடாதென்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். "முதல் பிள்ளைக்கும் சின்னதுன்னுதானே சொன்னீங்க, டாக்டர்? ரெண்டு நாள்ல கொண்டுவந்து விட்டுடறேன்" என்று கௌஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஹபீபா அவரையே பார்த்தாள், பிறகு பையைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தவரை ஹபீபா ஓரமாக அழைத்தாள். "என்னங்க, காலையிலேருந்து அசைவு கம்மியா இருக்கு."

"அலைச்சல் தானே. மைமூனும் வயித்துல இப்படித்தான் சோம்பேறியா கிடந்தா" என்றார், பெரிய சஹன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே. உண்மையில் மைமூன் ஒருநாளும் அப்படிக் கிடந்தவளில்லை. அது அவருக்கே தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவமலர் வெகுநேரம் தேடினார். அந்தத் தடவை மிஷினில் ஒரு உஸ்கூட வரவில்லை.

ஆண் பிள்ளை. பெயர் வைத்து அடக்கம் செய்தார்கள். வார்டிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கௌஸ் கேட்டார். "உறுதியா சொல்ல முடியாது, அண்ணே. ஆனா மாறினது எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எடுத்திருப்போம்" என்றார் டாக்டர். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கௌஸுக்கு. ஹபீபாவும் திட்டவில்லை. அதுதான் அவரை இன்றுவரை அரித்துத் தின்கிறது.

கடை இப்போதும் நடக்கிறது. மைமூன் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தம்புசாமி வந்து உட்கார்ந்தால் கௌஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நிற்கிறார்.

"இன்னைக்கு என்ன வேணும், அண்ணே?"

"என்ன கௌஸு, தெரியாதா? எப்பவும்போலதான் லா."

"தெரியாது, அண்ணே" என்கிறார் கௌஸ். "நீங்க சொல்லுங்க." தம்புசாமி வாய்விட்டுச் சொல்லும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.